‘ஏன்’ கட்டத்தில் என்ன எழுதுவது? ஐந்து சமன்பாடுகள், அவற்றின் கெழுக்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். கெமிஸ்ட்ரி ஒர்க்‌ஷீட்டில் ஐந்து சமன்பாடுகள் இருக்கின்றன. சமன் செய்து, பக்கத்துக் கட்டத்தில் ‘ஒவ்வொரு கெழுவும் ஏன் தேவைப்பட்டது’ என்றும் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் நம்பர் போட்டுப் போட்டுப் பார்த்து விடை வந்துவிட்டது. ஆனால் ‘ஏன்’ கட்டத்தில் ‘சமன் ஆவதற்காக’ என்பதைத் தவிர வேறு எழுதத் தெரியவில்லை. கடைசி இரண்டும் வரவே இல்லை.

1) Fe + H₂O → Fe₃O₄ + H₂
2) C₄H₁₀ + O₂ → CO₂ + H₂O
3) Ca(OH)₂ + H₃PO₄ → Ca₃(PO₄)₂ + H₂O
4) Cu + HNO₃ (நீர்த்த) → Cu(NO₃)₂ + NO + H₂O
5) KMnO₄ + H₂O₂ + H₂SO₄ → K₂SO₄ + MnSO₄ + O₂ + H₂O

பதில்:

‘சமன் ஆவதற்காக’ என்பது எல்லாக் கெழுவுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதாலேயே அது எந்த ஒரு கெழுவையும் விளக்குவதில்லை. அந்தக் கட்டம் உங்களிடம் கேட்பது இதுதான்: இந்த இடத்தில் 4 வந்திருக்கிறதே, அது ஏன் 3 ஆகவோ 5 ஆகவோ இருக்க முடியாது? இதற்குப் பதில் எழுத இரண்டு விஷயங்கள் வேண்டும். எந்த அணுவை எண்ணினீர்கள் என்பது ஒன்று. அதற்கு முன்பே முடிவாகியிருந்த எந்த எண் இந்த எண்ணைக் கட்டாயமாக்கியது என்பது இன்னொன்று.

எல்லாக் கெழுவையும் இரண்டால் பெருக்கினாலும் சமன்பாடு சமனாகவே இருக்கும். அதாவது கெழுக்கள் விகிதங்கள். அதனால் ஏதாவது ஒரு பொருளுக்கு மட்டும் எண்ணை நாமே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் 1. மற்றவை அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டு வரும். எந்த வரிசையில் இழுபட்டு வந்தன என்பதை எழுதினால் ‘ஏன்’ கட்டம் நிரம்பிவிடும். நம்பர் போட்டுப் பார்த்து விடை கண்டுபிடித்தது தவறில்லை. ஆனால் அப்படிக் கண்டுபிடிக்கும்போது இந்த வரிசை கையில் தங்குவதில்லை, அதனால்தான் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

முதல் சமன்பாட்டில் மிகப் பெரிய வாய்பாடு Fe₃O₄. அதற்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று இரும்பு அணுக்கள் இருக்கின்றன. இடப்பக்கம் இரும்பு தனித் தனி அணுவாக, Fe என்று மட்டும்தான் இருக்கிறது. எனவே 3Fe. அதே Fe₃O₄-இல் நான்கு ஆக்சிஜன் இருக்கிறது. இடப்பக்கம் ஆக்சிஜன் வரக்கூடிய ஒரே வழி நீர், ஒரு நீர் மூலக்கூறுக்கு ஒரே ஓர் ஆக்சிஜன். எனவே 4H₂O. நான்கு நீர் வந்ததும் அதோடு எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கூடவே வந்துவிட்டன. அவை வலப்பக்கம் போய்ச் சேர H₂ தவிர வேறு இடமில்லை. எட்டை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 4H₂.

3Fe + 4H₂O → Fe₃O₄ + 4H₂

கட்டத்தில் இப்படி எழுதலாம்: “Fe₃O₄-க்கு 1 எடுத்துக்கொண்டேன். அதிலுள்ள 3 இரும்பு அணுக்களுக்காக 3Fe. அதிலுள்ள 4 ஆக்சிஜன் நீரிலிருந்து மட்டுமே வர முடியும் என்பதால் 4H₂O. அந்த நீரோடு வந்த 8 ஹைட்ரஜன் அணுக்கள் H₂ ஆக வெளியேறுவதால் 4H₂.” நான்கு சிறு வாக்கியங்கள், முதலாவதைத் தவிர ஒவ்வொன்றிலும் ஓர் அணுவின் பெயரும் அதற்கு முந்தைய எண்ணும் இருக்கின்றன. திருத்துபவர் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

இரண்டு 4-களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் காரணம் வேறு என்பதைக் கவனியுங்கள். நீரின் 4 ஆக்சிஜனால் வந்தது. H₂-இன் 4 அந்த நீரால் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ‘ஹைட்ரஜனைச் சமன் செய்ய’ என்று எழுதினால், முதல் 4 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்த வினையில் Fe₂O₃ என்று எழுதினாலும் 2Fe + 3H₂O → Fe₂O₃ + 3H₂ என்று அழகாகச் சமனாகும். ஆனால் சிவக்கக் காய்ந்த இரும்பின் மேல் நீராவி படும்போது உண்டாவது Fe₃O₄. 1780-களில் லவாய்சியர், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துப்பாக்கிக் குழாய் வழியே நீரைச் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தது இந்த வினையால்தான். என்ன பொருள் உண்டாகிறது என்பதைச் சோதனைதான் சொல்லும். அது தெரிந்த பிறகே கெழுவுக்கு வேலை. ஆகவே வாய்பாட்டுக்குள் கீழே சிறிதாக நிற்கும் எண்களில் கை வைக்காதீர்கள். அதை மாற்றினால் சமன்பாடு வேறொரு பொருளைப் பற்றியதாகிவிடும்.

இரண்டாவது, பியூட்டேன் எரிவது. C₄H₁₀-க்கு 1 வைத்தால் நான்கு கார்பனுக்கு 4CO₂, பத்து ஹைட்ரஜனுக்கு 5H₂O. இதுவரை சிக்கல் இல்லை. ஆக்சிஜனை ஏன் கடைசிக்குத் தள்ளினோம்? அது வலப்பக்கம் இரண்டு பொருள்களில் இருக்கிறது, இடப்பக்கம் தனியாக O₂ ஆக நிற்கிறது. தனியாக நிற்கும் தனிமத்தின் கெழுவை மாற்றினால் வேறு எந்த அணுவின் கணக்கும் கலையாது. முதலிலேயே அதைத் தொட்டால், பிறகு ஒவ்வொரு கெழுவும் மாறும்போது அதைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கும்.

இப்போது வலப்பக்க ஆக்சிஜனை எண்ணுங்கள். நான்கு CO₂-இல் 8, ஐந்து நீரில் 5, மொத்தம் 13. ஆக்சிஜன் இரண்டு இரண்டாகத்தான் வரும், 13 ஒற்றைப்படை. ஆறு O₂ போட்டால் ஓர் அணு குறைகிறது, ஏழு போட்டால் ஓர் அணு மிஞ்சுகிறது. பதின்மூன்றில் பாதி, அதாவது 13/2 என்று எழுதிக்கொண்டால் கணக்கு முடிந்துவிடும். தாளின் ஓரத்தில் அப்படி எழுதுவதில் தவறே இல்லை. எரிதல் வெப்பம் பற்றிய பாடத்தில் ஒரு மோல் எரிபொருளுக்குக் கணக்குப் போடும்போது பாதிக் கெழுவை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையாகப் படிக்க வேண்டுமென்றால் அரை மூலக்கூறு கிடையாது. எனவே எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குகிறோம்.

2C₄H₁₀ + 13O₂ → 8CO₂ + 10H₂O

பியூட்டேன் முன்னால் நிற்கும் 2 கார்பனுக்காகவோ ஹைட்ரஜனுக்காகவோ வந்ததல்ல. ‘ஏன்’ கட்டத்தில் பலர் தடுமாறும் இடம் இது. கார்பனும் ஹைட்ரஜனும் 1 இருந்தபோதே சமனாகிவிட்டன. ஆக்சிஜன் ஒற்றைப்படையில் வந்து நின்றதுதான் அந்த 2-க்குக் காரணம். “ஒரு C₄H₁₀ எரிய 13 ஆக்சிஜன் அணுக்கள் வேண்டும், O₂ இரட்டையாகவே வருவதால் இரண்டு C₄H₁₀ எடுத்து 26 அணுக்கள் ஆக்கினேன்” என்று எழுதுங்கள். 8-க்கும் 10-க்கும் காரணம் சொல்வது அதன்பின் எளிது: இரண்டு பியூட்டேனில் எட்டு கார்பன், இருபது ஹைட்ரஜன்.

இந்த 13 வெறும் தாள் எண்ணல்ல. இரண்டு மோல் பியூட்டேன் 116 கிராம், பதின்மூன்று மோல் ஆக்சிஜன் 416 கிராம். எரிபொருளைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான எடையில் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. புரோப்பேனுக்கும் இந்த விகிதம் கிட்டத்தட்ட இதேதான். ஆகவே ஒரு சிலிண்டர் முழுதும் எரிந்து முடிய ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜன் அந்தச் சமையலறைக் காற்றிலிருந்து போயிருக்கும். அவ்வளவு கிடைக்காமல் மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கார்பன் முழுதும் அப்படியே போனால் 2C₄H₁₀ + 9O₂ → 8CO + 10H₂O. பியூட்டேன் அதே இரண்டுதான். விளைபொருள் மாறியதால் 13 இருந்த இடத்தில் 9 வந்துவிட்டது.

உங்கள் விடை சரியா என்று பார்க்க, எடையைக் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் 116 + 416 = 532. வலப்பக்கம் எட்டு CO₂ 352, பத்து நீர் 180, கூட்டினால் 532. அணுவை எண்ணும்போது ஓரிடத்தில் தவறியிருந்தால் இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதில் வேலை குறைவு, ஆனால் அடைப்புக்குறியால் குழப்பம் வரும். பாஸ்பரஸ், ஆக்சிஜன் என்று பிரித்துப் பிரித்து எண்ணாதீர்கள். PO₄ என்ற கூட்டம் வினைக்கு முன்னும் பின்னும் உடையாமல் அப்படியே இருக்கிறது, அதை ஒரே ஆளாக எண்ணிக்கொள்ளலாம். நீரை H–OH என்று எழுதிக்கொண்டால் இன்னும் தெளிவு. Ca₃(PO₄)₂-க்கு 1 வைத்தால், மூன்று கால்சியத்துக்கு 3Ca(OH)₂, இரண்டு PO₄-க்கு 2H₃PO₄. மூன்று Ca(OH)₂-இலிருந்து ஆறு OH வெளியே வருகிறது. இரண்டு H₃PO₄-இலிருந்து ஆறு H வருகிறது. ஆறும் ஆறும் ஜோடி சேர்ந்து 6H₂O.

3Ca(OH)₂ + 2H₃PO₄ → Ca₃(PO₄)₂ + 6H₂O

H-உம் OH-உம் தனித்தனியாக எண்ணி, இரண்டும் ஆறாகவே வந்தது தற்செயல் அல்ல. கால்சியத்தின் மின்சுமை +2, பாஸ்பேட்டின் மின்சுமை −3. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6. Ca₃(PO₄)₂ என்ற வாய்பாடு பிறந்ததே அந்த 6-இல்தான். மூன்று கால்சியம் +6, இரண்டு பாஸ்பேட் −6. ஒவ்வொரு கால்சியமும் தன் மின்சுமை அளவுக்கு OH-ஐயும், ஒவ்வொரு பாஸ்பேட்டும் தன் மின்சுமை அளவுக்கு H-ஐயும் விட்டுவிட்டு வருகின்றன. எனவே நீரின் கெழு 6 ஆகத்தான் இருக்க முடியும். இதை ஒரு வரியாகக் கட்டத்தில் எழுதினால், இணைதிறனிலிருந்து கெழு வரை நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது வராமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நைட்ரஜன் இடப்பக்கம் ஒரே இடத்தில், வலப்பக்கம் இரண்டு இடங்களில் இருக்கிறது. Cu(NO₃)₂-ஐப் பார்த்து 2HNO₃ போட்டால் NO-வுக்கு நைட்ரஜன் இல்லை. 3HNO₃ போட்டால் ஹைட்ரஜன் ஒற்றைப்படை ஆகிறது. 4HNO₃ போட்டால் ஆக்சிஜன் ஒத்துவரவில்லை. எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் இதில் நிறைய நேரம் போய்விடும்.

சோதனைக் குழாய்க்குள் நடப்பதைப் பாருங்கள். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தாமிரத் துருவலைப் போட்டால் கரைசல் நீலமாகிறது, நிறமற்ற ஒரு வாயு குமிழியிட்டு எழுகிறது, குழாயின் வாயருகே காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. நீலம் காப்பர் நைட்ரேட்டால். நிறமற்ற வாயு NO, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிற NO₂ ஆகிறது. ஆக, நைட்ரிக் அமிலம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. அதன் ஒரு பகுதி தாமிரத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு NO ஆகிறது. இன்னொரு பகுதி எந்த மாற்றமும் அடையாமல், நைட்ரேட்டாகவே தாமிரத்துக்குத் துணையாகப் போகிறது. HNO₃-இன் கெழு இந்த இரண்டின் கூட்டுத்தொகை. இது தெரிந்துவிட்டால் கணக்கு நேராகப் போகும்.

தாமிரம் Cu-இலிருந்து Cu²⁺ ஆகும்போது இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. HNO₃-இல் நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +5, NO-வில் +2. எனவே ஒவ்வொரு நைட்ரஜனும் மூன்று எலக்ட்ரான்களை வாங்குகிறது. கொடுத்ததும் வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று தாமிரம் ஆறு கொடுக்கும், இரண்டு நைட்ரஜன் ஆறு வாங்கும். இதிலிருந்து 3Cu, 2NO. மூன்று தாமிரம் என்றால் 3Cu(NO₃)₂, அதற்குள் ஆறு நைட்ரேட். NO ஆக மாறியவை 2, மாறாமல் போனவை 6, மொத்தம் 8HNO₃. எட்டு ஹைட்ரஜனுக்கு 4H₂O.

3Cu + 8HNO₃ → 3Cu(NO₃)₂ + 2NO + 4H₂O

ஆக்சிஜனை இதுவரை நாம் எண்ணவே இல்லை. அதனால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். இடப்பக்கம் 8 × 3 = 24. வலப்பக்கம் 18 + 2 + 4 = 24. எப்போதும் ஒரு தனிமத்தைக் கணக்கில் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால் சரிபார்க்க ஒரு சாட்சி கிடைக்கும். எண்ணிய அணுவையே மறுபடி எண்ணிச் சரி என்று சொல்வதைவிட இது நம்பகமானது.

நீரின் 4-க்கு இன்னொரு விளக்கமும் உண்டு. இரண்டு நைட்ரேட், இரண்டு NO ஆகும்போது ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜனை இழக்கிறது. அந்த நான்கு ஆக்சிஜனும் ஆளுக்கு இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு நான்கு நீராகின்றன. அதற்குத் தேவை எட்டு ஹைட்ரஜன், எட்டு HNO₃ அதைத்தான் கொடுக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்து வந்தும் ஒரே எண்ணில் முடிகிறது.

ஆக்சிஜனேற்ற எண் பாடம் இன்னும் நடத்தவில்லை என்றால் இயற்கணிதத்தாலும் செய்யலாம். Cu-வுக்கு 1, NO-வுக்கு x என்று வையுங்கள். Cu(NO₃)₂ 1, HNO₃ 2 + x, நீர் அதில் பாதி. ஆக்சிஜனை எண்ணினால் 3(2 + x) = 6 + x + (2 + x)/2. தீர்த்தால் x = 2/3. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் அதே விடை வரும். அந்த 2/3-ஐ ஒரு கணம் பாருங்கள். தாமிரம் கொடுக்கும் இரண்டு எலக்ட்ரானை நைட்ரஜன் வாங்கும் மூன்றால் வகுத்தது அது. எலக்ட்ரானைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அணுவை மட்டும் எண்ணினோம், ஆனாலும் எலக்ட்ரான் விகிதம் தானாக வந்து நிற்கிறது. அடர் நைட்ரிக் அமிலம் என்றால் NO-வுக்குப் பதில் NO₂ உண்டாகும், நைட்ரஜன் ஒரே ஓர் எலக்ட்ரானை வாங்கும், சமன்பாடு Cu + 4HNO₃ → Cu(NO₃)₂ + 2NO₂ + 2H₂O என்று ஆகும். கேள்வியில் ‘நீர்த்த’ என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டால் கெழு முழுதும் மாறிப்போகும்.

ஐந்தாவது சமன்பாட்டில் அணுவை எண்ணுவது மட்டும் போதாது. இதை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் தவறான விடை எழுதிவிட்டு எல்லா அணுவும் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிட இதில் வாய்ப்பு அதிகம்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. K₂SO₄-க்கு 1 வைத்தால் இரண்டு பொட்டாசியத்துக்கு 2KMnO₄. இரண்டு மாங்கனீசுக்கு 2MnSO₄. K₂SO₄-இல் ஒரு சல்பேட், இரண்டு MnSO₄-இல் இரண்டு, ஆக 3H₂SO₄. மிச்சம் மூன்று: H₂O₂, O₂, H₂O. எண்ணுவதற்கு மிச்சமிருக்கும் தனிமங்கள் இரண்டுதான், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். மூன்று தெரியாத எண்களுக்கு இரண்டு நிபந்தனைகள். எனவே ஒரே விடை வராது. H₂O₂-வின் கெழுவை y என்றால், ஹைட்ரஜன் கணக்கு நீரை y + 3 என்கிறது, ஆக்சிஜன் கணக்கு O₂-வை (y + 5)/2 என்கிறது. y ஒற்றைப்படையாக இருந்தால் போதும். 1 போட்டாலும் சமன், 3 போட்டாலும் சமன், 5, 7 போட்டாலும் சமன்.

எடுத்துக்காட்டாக y = 7:

2KMnO₄ + 7H₂O₂ + 3H₂SO₄ → K₂SO₄ + 2MnSO₄ + 6O₂ + 10H₂O

ஆக்சிஜன் இரு பக்கமும் 34, ஹைட்ரஜன் இரு பக்கமும் 20. ஓர் அணுகூடக் குறையில்லை. எடையும் ஒத்துவரும். ஆனாலும் இது பெர்மாங்கனேட் பெராக்சைடை ஆக்சிஜனேற்றும் வினைக்கான சமன்பாடு அல்ல. அந்த வினையோடு 2H₂O₂ → 2H₂O + O₂ என்ற இன்னொரு வினையும் ஒருமுறை சேர்ந்து எழுதப்பட்டுவிட்டது. பெராக்சைடு தானாகச் சிதைவதற்கும் பெர்மாங்கனேட்டுக்கும் சம்பந்தமில்லை.

சரியான எண்ணைத் தருவது எலக்ட்ரான் கணக்கு. மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு இறங்குகிறது, ஒவ்வொன்றும் ஐந்து எலக்ட்ரான்களை வாங்குகிறது, இரண்டுக்குப் பத்து. H₂O₂-இல் ஆக்சிஜனின் எண் −1, O₂-இல் 0. ஒரு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன், எனவே ஒரு H₂O₂ இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. பத்து கொடுக்க ஐந்து H₂O₂ வேண்டும். y = 5.

2KMnO₄ + 5H₂O₂ + 3H₂SO₄ → K₂SO₄ + 2MnSO₄ + 5O₂ + 8H₂O

இங்கே H₂O₂-வும் O₂-வும் இரண்டுமே 5 என்பதைக் கவனியுங்கள். வெளிவரும் ஆக்சிஜன் வாயு முழுதும் பெராக்சைடிலிருந்துதான் வருகிறது, ஒரு H₂O₂ தன் இரண்டு ஹைட்ரஜனையும் விட்டுவிட்டு ஓர் O₂ ஆகிறது. முன்பு எழுதிய (y + 5)/2 = y என்று வைத்துப் பார்த்தாலும் y = 5 தவிர வேறு விடை இல்லை. பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜன் வாயுவாகப் போவதில்லை. இரண்டு MnO₄⁻-இல் இருக்கும் எட்டு ஆக்சிஜனும் நீராகின்றன, நீரின் முன்னால் 8 நிற்பது அதனால்தான். எட்டு நீருக்குப் பதினாறு ஹைட்ரஜன் வேண்டும். ஐந்து பெராக்சைடு பத்தைத் தருகிறது, மிச்சம் ஆறை மூன்று H₂SO₄ தருகிறது. சல்பேட்டை எண்ணி முன்பே வந்த 3-க்கு இப்போது ஹைட்ரஜன் வழியாகவும் ஒரு காரணம் கிடைக்கிறது. கட்டத்தில் இதையே எழுதுங்கள். அமிலம் ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்கும் அது பதிலாகும்.

ஆய்வகத்தில் பெராக்சைடின் செறிவைக் கண்டறிய, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துவார்கள். அங்கே பயன்படும் விகிதம் 2-க்கு 5. அணுக் கணக்கு ஒத்துவருகிறதே என்று 2-க்கு 7 என்று வைத்துக் கணக்கிட்டால், பியூரெட் அளவீடு துல்லியமாகவே இருந்தாலும், குப்பியில் உள்ள பெராக்சைடு இருப்பதைவிட 40 சதவீதம் அதிகம் என்று விடை வரும்.